இலவசம் எங்கே?
பெட்டியில் இல்லாத பரிசுக்கும் உதிரிப் பொருளுக்கும் சட்டம் வழி சொல்கிறது. கையில் இருக்க வேண்டியது பில்லும் விளம்பரத் தாளும்தான்.

தசரா விற்பனை களைகட்டியிருக்கும் ஒரு மாலை. தாணே ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள மின்சாதனக் கடையில் ஒரு தமிழ்க் குடும்பத்தலைவி மிக்ஸி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 6,490 ரூபாய். பெட்டியின் மேல் 'நான்கு ஜார்கள்' என்று அச்சாகியிருக்கிறது. கடை வாசலில் தொங்கும் விளம்பரம், '1,299 ரூபாய் மதிப்புள்ள இஸ்திரிப் பெட்டி இலவசம்' என்கிறது. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் ஜார்கள் மூன்றுதான். சட்னி ஜாரைக் காணோம். இஸ்திரிப் பெட்டியும் இல்லை.

மறுநாள் கடைக்குப் போனால், "பாபிஜி, பெட்டி கம்பெனி சீல் வைத்தது. கம்பெனியைக் கேளுங்கள்" என்று பதில் வருகிறது. கம்பெனிக்குப் போன் செய்தால், "விற்றவரிடம் கேளுங்கள், மேடம்" என்கிறார்கள். இந்த இடத்தில்தான் பலரும் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு யார் அலைவது?

அலைச்சல் குறைய வேண்டுமானால் முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். காணாமல் போன இரண்டு பொருள்களும் ஒரே வகை அல்ல. சட்னி ஜார், விலை கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு பகுதி. இஸ்திரிப் பெட்டி, விற்பனைக்காகக் கொடுத்த வாக்குறுதி. இரண்டுக்கும் ஆதாரம் வேறு, கேட்கும் முறையும் வேறு.

ஜாரை முதலில் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரையும் எண்ணிக்கையையும் வெளியே அச்சிட வேண்டும். புகார் செய்வதற்கான பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவையும் அதே பெட்டியில் இருக்க வேண்டும். எனவே பெட்டியே முதல் சாட்சி. பலர் அன்றே அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தில் மட்டுமல்ல, அளவில் உள்ள குறையையும் 'குறைபாடு' என்றே கணக்கிடுகிறது. நான்கு என்று அச்சிட்டு மூன்று தந்தால் அது குறைபாடுள்ள பொருள். அதற்கு விற்றவரையும் கேட்கலாம், தயாரித்தவரையும் கேட்கலாம். 'சீல் வைத்த பெட்டி' என்ற பதில் கடைக்காரரைக் காப்பாற்றாது.

இஸ்திரிப் பெட்டி விஷயம் வேறு. இதற்கு மிக்ஸி பெட்டியில் ஒரு வார்த்தைகூட இருக்காது. இத்தகைய பரிசுகள் பெரும்பாலும் தனியாக டீலருக்கு வந்து சேரும். சில சமயம் அங்கேயே தங்கிவிடும். பரிசு தருவதாகச் சொல்லிவிட்டு, சொன்னபடி தரும் எண்ணமே இல்லாமல் இருப்பது 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்கிறது 2019 சட்டத்தின் 2(47) பிரிவு. இது புதிய கருத்தல்ல. 1984-இல் ஏகபோக வணிகத் தடைச் சட்டத்தைத் திருத்தியபோதே இடம்பெற்றது. ஆனால் 'எண்ணம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மறதியால் விட்டுவிட்டு, கேட்டதும் கொடுத்துவிடும் கடைக்காரர் இதில் சிக்கமாட்டார். எழுதிக் கேட்ட பிறகும் தட்டிக்கழிப்பவர் மீதுதான் இந்தப் பிரிவு பாயும். அதனால்தான் வாய்ப்பேச்சு போதாது, கடிதம் தேவை.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. பில் எண், தேதி, மாடல், மிக்ஸியின் அடிப்பாகத்தில் உள்ள வரிசை எண், எது குறைகிறது, எந்த விளம்பரத்தில் அப்படிச் சொல்லியிருந்தது, எத்தனை நாளில் வேண்டும் ஆகிய ஏழு விவரங்கள் போதும். 15 நாள் அவகாசம் தரலாம். கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால், ஒருவரை ஒருவர் கைகாட்டும் விளையாட்டு முடிந்துவிடும். பெட்டியின் மேல் எழுத்து, உள்ளே இருந்த பொருள்கள், விளம்பரத் தாள் ஆகியவற்றின் படங்களை இணைக்க வேண்டும். பரிசு இல்லையென்றால் பணமாக எவ்வளவு என்ற கேள்விக்கு விடை விளம்பரத்திலேயே இருக்கிறது. '1,299 ரூபாய் மதிப்புள்ள' என்று பெருமையடித்ததை அவர்களே குறைத்து மதிப்பிடுவது கடினம்.

வழக்கமாக வரும் பதில், 'ஸ்டாக் உள்ளவரை மட்டும்' என்பது. அந்த வரி விளம்பரத்தில் படிக்கும்படி இருந்ததா, பணம் வாங்குவதற்கு முன் பரிசு தீர்ந்துவிட்டது என்று சொன்னார்களா என்று திருப்பிக் கேட்கலாம். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு விதிகள், முக்கியமான விவரத்தைப் பொடி எழுத்தில் மறைக்கக் கூடாது என்கின்றன. இலவசம் என்று சொன்ன பொருளுக்குப் 'பேக்கிங்', 'கையாளும் செலவு' என்று பணம் கேட்பதற்கும் அவை இடம் தரவில்லை. வீட்டுக்கு அனுப்பிவைக்கும் செலவை மட்டும் கேட்கலாம்.

சில பரிசுகளை வாங்குபவரே கேட்டுப் பெற வேண்டும். பில்லையும் வரிசை எண்ணையும் குறிப்பிட்ட நாளுக்குள் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் மேலே சொன்ன வாதங்கள் பலவீனமாகிவிடும்.

15 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த படி 1915. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் இந்த இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் பல கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. ஒரு ஜாரை அனுப்புவது, வழக்கறிஞரை அனுப்புவதைவிட மலிவு. இணையம் வழியாக வாங்கியிருந்தால் அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி.

அதற்கும் மசியாதவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். e-jagriti.gov.in தளத்திலும் பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். பொருளையோ பணத்தையோ மட்டுமல்ல, இழப்பீடும் செலவுத்தொகையும் கேட்கலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் பல இடங்களில் இழுக்கிறது. ஆகவே 1,299 ரூபாய்க்காக மட்டும் என்றால் 1915-உடன் நிறுத்திக்கொள்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

தாணே குடும்பத்தலைவிக்கு இந்தத் தொல்லை வராமலே இருந்திருக்கலாம். பணம் கொடுக்கும் முன் பில்லில் இஸ்திரிப் பெட்டியையும் ஒரு வரியாக, விலை பூஜ்யம் என்று போட்டு எழுதச் சொல்லியிருந்தால் போதும். கையிருப்பில் இல்லையென்றால், 'பரிசு பாக்கி' என்று எழுதிக் கடை முத்திரையும் கையெழுத்தும் வாங்கியிருக்கலாம். எழுத மறுக்கும் கடைக்காரர், தரப்போவதில்லை என்பதை அப்போதே சொல்லிவிடுகிறார். பணம் இன்னும் பர்ஸில் இருக்கும்போது அது தெரிந்துவிடுவது நல்லது.