பைக்குள் நாலு ஆப்பிள்

நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பொய் சொல்லவும், பேரம் பேசவும், குரலை உயர்த்திச் சண்டை போடவும் ஒரு விளையாட்டு வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது 'ஷெரிஃப் ஆஃப் நாட்டிங்ஹாம்'. பிரேசிலைச் சேர்ந்த செர்ஜியோ ஹலபான், ஆந்த்ரே ஜட்ஸ் என்ற இருவர் உருவாக்கியது. இந்தப் பெயரில் 2014இல் வெளிவந்தது. ராபின் ஹூட் கதையில் வரும் அதே நாட்டிங்ஹாம்தான். ஊருக்குள் சரக்கு கொண்டுவரும் வணிகர்களை நம் மாநில எல்லை செக்போஸ்ட் போல ஓரிடத்தில் நிறுத்தி, ஷெரிஃப் சோதனை போடுகிறார்.

ஆட்டம் எளிது. ஒவ்வொருவர் கையிலும் ஆறு சரக்குச் சீட்டு, 50 பொற்காசு. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் ஷெரிஃப், மற்ற மூவரும் வணிகர்கள். நான்கு பேர் ஆடினால் ஆளுக்கு இரண்டு முறை ஷெரிஃப் பதவி வரும். ஆக எட்டுச் சுற்று. ஆப்பிள், பாலாடைக்கட்டி, ரொட்டி, கோழி நான்கும் அனுமதி உள்ள சரக்கு. மிளகு, தேன்மது, பட்டு, குறுக்குவில் நான்கும் கடத்தல் சரக்கு. ஒரு ஆப்பிளின் மதிப்பு 2 காசு, கோழிக்கு 4. மிளகுக்கு 6, தேன்மதுவுக்கு 7, பட்டுக்கு 8, வில்லுக்கு 9. ஆசை எங்கிருந்து வருகிறது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

கையில் வேண்டாத சீட்டுகளைக் கழித்து வேறு எடுத்துக்கொண்ட பிறகு, வணிகர் ஒன்று முதல் ஐந்து சீட்டு வரை ஒரு சிறு துணிப்பையில் போட்டு மூடுவார். ஷெரிஃபின் முகத்தைப் பார்த்து, உள்ளே இருப்பது என்ன என்று அறிவிப்பார். எண்ணிக்கையில் பொய் கூடாது. சரக்கின் பெயராக அனுமதி உள்ள ஒன்றை மட்டுமே சொல்ல வேண்டும். அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

ஷெரிஃப் பையைத் திறந்து பொய்யைப் பிடித்தால், பொய் சொன்ன சரக்கு பறிமுதல். அதோடு கடத்தல் சரக்கு ஒவ்வொன்றுக்கும் 4 காசும், பெயர் மாற்றிச் சொன்ன சாதாரண சரக்குக்கு 2 காசும் வணிகர் அபராதம் கட்ட வேண்டும். சொன்னது முழுக்க உண்மையாக இருந்தாலோ, ஷெரிஃப் ஒவ்வொரு சரக்குக்கும் 2 காசு வணிகருக்குத் தர வேண்டும். இந்த இரண்டாவது விதிதான் ஆட்டத்துக்கு உயிர். அது இல்லாவிட்டால் ஷெரிஃப் எல்லாப் பையையும் திறந்துகொண்டே போவார்.

திறப்பதற்கு முன் பேரம். வணிகர் லஞ்சம் கொடுக்கலாம். காசாக, சரக்காக, அடுத்த சுற்றுக்கான வாக்குறுதியாக, எப்படியும். மற்ற வணிகர்களும் நடுவில் புகுந்து, திற என்றோ திறக்காதே என்றோ சொல்லித் தங்கள் பங்குக்குக் காசு நீட்டலாம்.

ஒரு சுற்றைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். கண்ணன் ஷெரிஃப். அவனுடைய அண்ணி சுமதி, அண்ணன் ரகு, நண்பன் ரஃபீக் மூவரும் வணிகர்கள். சுமதி பையை நீட்டி, "நாலு ஆப்பிள்" என்கிறார். உள்ளே இருப்பது இரண்டு ஆப்பிள், ஒரு மிளகு, ஒரு தேன்மது.

பை திறக்காமல் போனால் சுமதிக்கு 17 காசு மதிப்பு. திறந்தால் இரண்டு ஆப்பிள் மட்டும் மிஞ்சும், அது 4. அபராதம் 8 போகும். ஆக 4 காசு நஷ்டம். இரண்டுக்கும் இடையே 21 காசு வித்தியாசம். கண்ணன் பக்கம் பார்த்தால், திறந்து பொய்யைப் பிடித்தால் அவனுக்கு 8 வரும். உண்மையாகவே நாலு ஆப்பிள் இருந்துவிட்டால் 8 போகும்.

"கண்ணா, 12 காசு தர்றேன், விட்டுடு" என்கிறார் சுமதி. கண்ணனுக்குப் பிடித்தாலே 8தான். 12 சும்மா வருகிறது. சுமதிக்கோ 12 கொடுத்த பிறகும் 5 மிச்சம். இரண்டு பேருக்கும் லாபம். அப்படியென்றால் நஷ்டம் யாருக்கு? ரகுவுக்கும் ரஃபீக்குக்கும். போட்டியாளர்கள் இருவர் அவர்கள் கண்ணெதிரே முன்னேறுகிறார்கள். சத்தம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"டேய், நாலு ஆப்பிளுக்கு எவனாவது 12 காசு கொடுப்பானா? மொத்த மதிப்பே 8தானே, திற!" என்கிறார் ரகு. ரஃபீக் இன்னும் ஒரு படி மேலே போகிறான்: "நீ திற, நான் 5 தர்றேன். ரகு அண்ணே, நீங்க 3 போடுங்க." இப்போது கணக்கு புரண்டுவிட்டது. சுமதி சொன்னது உண்மையாகவே இருந்தாலும் கண்ணனுக்குப் போகும் 8, இந்த இருவர் தரும் 8இல் சரிக்கட்டிவிடும். பொய் என்றால் 16 கிடைக்கும். சுமதி நீட்டிய 12ஐ விட அதிகம். அவர் இனி லஞ்சத்தை ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற, பைக்குள் என்ன இருக்கிறது என்று தானே ஒப்புக்கொள்வது போல ஆகும்.

இருவர் ஆட்டத்தில் இந்தப் பேரம் நடக்காது. எதிராளிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு காசும் நமக்கு நஷ்டம் என்றால் பேச என்ன இருக்கிறது? மூன்று பேர் ஆடினால் எதிர்த்துக் குரல் கொடுக்க ஒருவர்தான் மிச்சம். நாலு பேர் இருந்தால்தான் பேரம் பேசும் இருவருக்கு எதிராக வேறு இருவர் கூட்டுச் சேர முடியும். 304 ஆடிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அங்கே கூட்டாளி யார் என்பது முதலிலேயே முடிவாகிவிடும், அவரிடம் வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. இங்கே கூட்டணி சுற்றுக்குச் சுற்று மாறும், எல்லாமே வாயால்தான்.

உண்மை சொல்பவர்களின் தந்திரம் இன்னும் நுட்பமானது. பையில் நிஜமாகவே நாலு ஆப்பிள் வைத்திருப்பவருக்கு, பை திறக்கப்பட்டால் 8 காசு கூடுதல் வரும்படி. ஆகவே அவர் திறக்க வைக்கப் பார்ப்பார். கொஞ்சம் தடுமாறி, கண்ணைத் தாழ்த்தி, "3 காசு வெச்சுக்கோயேன்" என்பார். லஞ்சம் வருகிறதே என்று ஷெரிஃப் பாய்ந்து திறந்தால் மாட்டிக்கொள்வார். லஞ்சம் கொடுப்பவர் எல்லாம் கடத்துகிறார் என்று நம்பும் ஷெரிஃப் சீக்கிரம் காசை இழப்பார்.

அப்படியானால் எதை நம்புவது? முகத்தைவிடக் கழித்த சீட்டை நம்பலாம். கழிக்கும் சீட்டுகள் முகம் தெரிய அடுக்கப்படும். இந்தச் சுற்றில் ரொட்டியைக் கழித்தவர் "அஞ்சு ரொட்டி" என்றால் சந்தேகப்பட இடமுண்டு. கட்டில் எது எவ்வளவு என்பதும் உதவும்: 48 ஆப்பிள், 24 கோழி. நாலு ஆப்பிள் சேர்வது சாதாரணம். அஞ்சு கோழி என்று ஒருவர் சொன்னால் பையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

ஆட்டம் கெடுவது பெரும்பாலும் வாக்குறுதியில்தான். அந்தச் சுற்றிலேயே நிறைவேற வேண்டிய பேரத்தை மீற முடியாது. காசை வாங்கிக்கொண்டு பையைத் திறக்கக் கூடாது. ஆனால் "அடுத்த தடவை நான் ஷெரிஃப் ஆகும்போது உன் பையைத் தொட மாட்டேன்" என்பது வெறும் பேச்சு. காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. இதை முதல் சுற்றுக்கு முன்பே எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஆட்டத்துச் சண்டை வீட்டுச் சண்டையாகிவிடும். பேரத்துக்கு ஒரு நேர வரம்பும் நல்லது. ஒரு பைக்கு இரண்டு நிமிடம் தாராளம்.

பெட்டி கிடைக்காதவர்கள் மூன்று சீட்டுக்கட்டை ஒன்றாகக் கலந்து ஆடிப் பார்க்கலாம். இது என் யோசனை. ஜோக்கரை எடுத்துவிடுங்கள். 2 முதல் 10 வரையுள்ள சீட்டுகள் நாலு ஜாதியும் நாலு வகை நல்ல சரக்கு. ஜாக்கி 6, ராணி 7, ராஜா 8, ஏஸ் 9 என்று கடத்தல் சரக்கு. நல்ல சரக்கு 108, கடத்தல் 48 என்று வரும். அசல் பெட்டியின் விகிதத்துக்கு இது நெருக்கம். பைக்குப் பதில் தபால் உறை, காசுக்குப் பதில் புளியங்கொட்டை. ஹார்ட்டின் 2, கிளாவருக்கும் டைமண்டுக்கும் 3, ஸ்பேடு 4 என்று விலை வைத்துக்கொண்டால், மேலே சொன்ன கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும். உறையை ஒட்ட வேண்டாம், மடித்தால் போதும். ஆனால் ஷெரிஃப் மடிப்பைப் பிரித்த கணமே பேரம் முடிந்தது என்ற விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்.