கொட்டேஷனைத் திருப்பி அனுப்பும் மின்னஞ்சல்

ஒப்பந்தக்காரர் தந்த கொட்டேஷன் கூடுதலாக இருக்கிறது என்று தோன்றியதும் பெரும்பாலோர் எழுதுவது, 'தொகை அதிகம், கொஞ்சம் குறைத்துத் தாருங்கள்' என்ற ஒரு வரி. அதற்கு வரும் பதிலும் ஒரு வரிதான்: பத்து சதவீதம் தள்ளுபடி. எந்த இடத்தில் கூடுதல் இருந்தது, குறைத்தபின் அது போயிற்றா என்பது தெரியாமலே பேரம் முடிந்துவிடும். செங்கல், சிமெண்ட் விலையைக் கடையில் கேட்டால் தெரிந்துவிடும் என்பதால், மிகைப்படுத்தியவர் விலையில் கை வைப்பது குறைவு. கூடுதல் ஒளிந்திருக்கும் இடம் பொருளின் அளவு. எனவே மறுப்பு மின்னஞ்சல் முதலில் கேட்க வேண்டியது அளவை. அதன் பிறகே விலையை.

60 அடி நீளம், 5 அடி உயரத்துக்கு ஒன்பது அங்குலச் சுற்றுச்சுவர் கட்ட ஒரு கொட்டேஷன் வருகிறது என்று கொள்வோம். அஸ்திவாரமும் பூச்சும் தனி. செங்கல் 4,500 என்று அதில் எழுதியிருக்கிறது. சுவரின் கனஅளவு 60 × 5 × 0.75, அதாவது 225 கன அடி. ஒன்பது அங்குல நீளமுள்ள வழக்கமான செங்கல் என்றால், கலவை இடைவெளியும் சேர்த்து ஒரு கன அடிக்குச் சுமார் பதின்மூன்றரை கல் பிடிக்கும். கணக்கு 3,040 கல் வருகிறது. உடைசலுக்கு ஐந்து சதவீதம் சேர்த்தால் 3,200. கொட்டேஷனில் 1,300 கல் கூடுதல். பத்து சதவீதம் தள்ளுபடி வாங்கினாலும் 4,050 கல்லுக்கான பணம் போகும்.

ஆனால் அளவு ஒத்துப்போகாததாலேயே ஏமாற்று என்று முடிவு கட்டுவது நியாயமல்ல. ஊருக்கு ஊர் செங்கல்லின் அளவு மாறும். எட்டு அங்குலக் கல்லாக இருந்தால் கன அடிக்குப் பதினைந்து வரை பிடிக்கும். தேவை 3,400ஐத் தொடும், உடைசல் சேர்த்தால் 3,550 ஆகும். சிமெண்டும் அப்படியே. 1:6 கலவைக்கு இந்தச் சுவருக்கு ஒன்பது, பத்து மூட்டை போதும். 1:5 என்றால் ஓரிரு மூட்டை கூடும். அதனால்தான் கல்லின் அளவையும் கலவை விகிதத்தையும் மின்னஞ்சலிலேயே கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு ஆபத்தும் உண்டு: விலையைக் குறைக்கச் சொன்னதும் 1:6 கலவை சத்தமில்லாமல் 1:8 ஆகிவிடும். தொகை குறையும், சுவரும் பலவீனப்படும்.

இத்தனையையும் தாங்கும் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை.

பொருள்: சுற்றுச்சுவர் மதிப்பீடு – ஏற்க இயலவில்லை, விவரமான திருத்த மதிப்பீடு தேவை

ஐயா, வணக்கம். 60 அடி சுற்றுச்சுவருக்கு நீங்கள் அனுப்பிய மதிப்பீடு கிடைத்தது. அதில் காட்டிய செங்கல் எண்ணிக்கை சுவரின் அளவோடு ஒத்துப்போகவில்லை. எனவே இந்த மதிப்பீட்டை ஏற்க இயலவில்லை. செங்கல், சிமெண்ட், எம்-சாண்ட் ஒவ்வொன்றுக்கும் தேவையான அளவு, ஒரு அலகின் விலை, மொத்தம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டித் திருத்திய மதிப்பீடு அனுப்புங்கள். செங்கல்லின் நீள அகல உயரமும் கலவை விகிதமும் அதில் இருக்கட்டும். விலை, பொருள் இடத்தில் வந்து இறங்கும் விலையா, வண்டி வாடகை தனியா என்பதையும் குறிப்பிடுங்கள். கூலி, உங்கள் லாபம், ஜிஎஸ்டி ஆகியவை தனி வரிகளில் வேண்டும். சுவரின் நீளம், உயரம், கனத்தில் மாற்றம் இல்லை. வரும் சனிக்கிழமைக்குள் பதில் தாருங்கள். எழுத்தில் ஒப்புதல் தரும்வரை பொருள் இறக்கவோ வேலை தொடங்கவோ வேண்டாம்.

இதில் வீட்டுக்காரரின் சொந்தக் கணக்கான 3,200 இல்லை. அதைச் சொல்லிவிட்டால், வரும் பதில் அந்த எண்ணுக்கே பொருத்தித் தைக்கப்பட்டுவிடும்; ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. கையில் உள்ள தொகையையும் எழுதக்கூடாது. லாபத்தைத் தனி வரியில் கேட்பது அவமதிப்பு அல்ல. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வே ஒப்பந்தக்காரரின் லாபத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் 15 சதவீதம் சேர்த்துக் கணக்கிடுகிறது. அது வெளிப்படையாக இருந்தால், செங்கல்லின் எண்ணிக்கைக்குள் லாபத்தை மறைக்க வேண்டிய தேவை அவருக்கும் இருக்காது.

ஜிஎஸ்டி வரியில் இரண்டைப் பார்க்க வேண்டும். பதிவு எண் இல்லாத ஒப்பந்தக்காரர் அந்த வரியை வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை. பதிவு உள்ளவராக இருந்தால், வரி சேர்ந்த சிமெண்ட் விலையைப் போட்டு, மொத்தத்தின் மேல் மறுபடி வரி போட்டிருக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். சிமெண்டுக்குக் கட்டிய வரியை அவர் தம் கணக்கில் கழித்துக்கொள்ள வழி உண்டு.

திருத்திய மதிப்பீடு வந்ததும் அலகு விலையை உள்ளூர்க் கடைகள் இரண்டில் கேட்டுச் சரிபார்ப்பது அரை நாள் வேலை. எம்-சாண்ட் யூனிட் கணக்கில் விற்கப்படுவதால், ஒரு யூனிட் என்பது 100 கன அடி என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும். ஒப்புதல் மின்னஞ்சலில், முடிந்த சுவரை டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்கே பணம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், சுவர் 58 அடியில் நின்றாலும் 60 அடிக்குப் பில் வராது.