உள்ளே போனது, வெளியே வந்தது: ஐ.சி.யூ.வின் ஒரு நாள் கணக்கு

ஐ.சி.யூ.வில் இருக்கும் நோயாளியின் உடலுக்குள் எவ்வளவு திரவம் போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று நர்ஸ் மணிக்கொரு முறை சார்ட்டில் எழுதுகிறார். காலை 8 மணிக்கு 24 மணி நேரத்தையும் கூட்டிக் கழித்தால் உடலில் தங்கிய அளவு தெரியும். டிரிப்ஸைக் குறைப்பதா, சிறுநீரைப் பெருக்கும் ஊசி போடுவதா என்று டாக்டர் முடிவெடுக்க இந்தக் கணக்கும் வேண்டும்.

உதாரணத்துக்கு, வயிற்று ஆபரேஷன் முடிந்து ரத்தத்தில் கிருமித் தொற்றோடு படுத்திருக்கும் 60 கிலோ நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சலைன் மணிக்கு 40 மில்லி; நாளுக்கு 960. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து மணிக்கு 5 மில்லி; நாளுக்கு 120. மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்த உணவு 1000. இவற்றை யாரும் மறப்பதில்லை. தவறிப்போவது சில்லறை வரவுதான். ஆன்டிபயாடிக்கை 100 மில்லி சலைனில் கலந்து நான்கு வேளை ஏற்றினால் 400. உணவு கொடுத்தபின் குழாயைக் கழுவ விட்ட தண்ணீர் பத்து தடவைக்கு 200. மொத்த வரவு 2680.

செலவில் சிறுநீர் 1150, மூக்குக் குழாயில் உறிஞ்சி வெளியே கொட்டியது 100. வயிற்று டிரெயின் பையில் நேற்றுக் காலை 150 இருந்தது, இன்று 400 இருக்கிறது. பையை நடுவில் காலி செய்யாததால் இன்றைய கணக்கில் சேர வேண்டியது 250 மட்டுமே. 400 என்று அப்படியே எழுதினால் நேற்றையதும் சேர்ந்துவிடும். ஆக, செலவு 1500. உடலில் தங்கியது 1180. அந்தச் சில்லறை 600 மில்லி விட்டுப்போயிருந்தால், 580 என்று பாதியாகத் தெரிந்திருக்கும்.

மொத்தத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். சிறுநீர் 1150 என்றால் சராசரி மணிக்கு 48 மில்லி. இந்த எடைக்குக் குறைந்தபட்சம் 30 போதும் என்பதால் நன்றாகவே தோன்றும். ஆனால் இரவு 2 முதல் 6 மணி வரை 20, 15, 15, 20 என்றுதான் வந்திருக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்ததாலோ, டியூப் மடங்கியதாலோ, அடைத்ததாலோ இப்படி ஆகலாம். அதனால் சுருக்கத்தில் நாளின் மொத்தத்தோடு, சிறுநீர் குறைந்த மணி நேரங்களையும், சேர்ந்த நாளிலிருந்து தங்கிய கூட்டுத்தொகையையும் எழுத வேண்டும்.

வியர்வையிலும் மூச்சிலும் போவதை அளக்க முடியாது. காய்ச்சல் இருந்தால் அது இன்னும் கூடும். அதனால் வசதி உள்ள இடங்களில் நோயாளியின் எடையையும் தினமும் பார்க்கிறார்கள். ஒரு லிட்டர் தங்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ கூடும். இரண்டும் ஒத்துவராவிட்டால் சார்ட்டை மறுபடி பார்க்க வேண்டும்.

வாயால் குடிக்கும் நோயாளிக்கு நீங்கள் இளநீரோ கஞ்சியோ கொடுத்தால், எவ்வளவு என்று நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். அதுவும் வரவுதான்.