கைடுக்கு எழுதும் கால நீட்டிப்புக் கடிதம்

பிஎச்.டி. ஆய்வேட்டைக் கெடுவுக்குள் முடிக்க முடியாது என்று தெரிந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், நெறியாளரின் கண்ணில் படாமல் ஒதுங்குவது. கடைசி வாரத்தில் ஒரு கடிதம் வரும். 'தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலையால் ஆய்வேட்டை முடிக்க இயலவில்லை, ஆறு மாதம் நீட்டித்து உதவ வேண்டுகிறேன்.' இதை வைத்துக்கொண்டு நெறியாளரால் எதுவும் செய்ய முடியாது. நீட்டிப்பு தருவது அவர் கையில் இல்லை. பரிந்துரைத்து அனுப்புவதுதான் அவர் வேலை. டாக்டரல் கமிட்டி கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அந்தப் பதிலை அவருக்கு எழுதிக் கொடுப்பதே இந்தக் கடிதம்.

யுஜிசியின் 2022 விதிமுறைப்படி, சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் ஆய்வேட்டைத் தர வேண்டும். அதற்கு மேல் மறுபதிவு செய்து அதிகபட்சம் இரண்டு ஆண்டு பெறலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. படிவமும் கட்டணமும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேர ஆய்வு செய்யும் ஒருவர். தலைப்பு கைத்தறி நெசவில் பெண்களின் கூலி. ஜனவரி 10-இல் ஆறு ஆண்டு முடிகிறது. ஆறு இயல்களில் நான்கு முடிந்து, நெறியாளர் திருத்தியும் கொடுத்துவிட்டார். ஐந்தாவதற்குத் தரவு இருக்கிறது, எழுத்து பாதியில் நிற்கிறது. ஆறாவது தொடங்கவில்லை. இவர் ஆகஸ்டிலேயே எழுதுகிறார். கமிட்டி பெரும்பாலும் பருவத்துக்கு ஒருமுறைதான் கூடும் என்பதால் டிசம்பர் வரை காத்திருந்தால் வண்டி போய்விடும்.

காரணப் பத்தி இப்படி இருக்கலாம்: 'கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கூலிப் பதிவேடுகளைப் பார்க்க பிப்ரவரியில் விண்ணப்பித்தேன், அனுமதி ஜூன் மாதம்தான் கிடைத்தது. ஐந்தாம் இயல் முழுவதும் அந்தப் பதிவேடுகளை நம்பியது. இடையில் அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக ஏப்ரல், மே இரு மாதமும் எழுத்து வேலை நின்றது. அனுமதிக் கடிதமும் மருத்துவமனைச் சான்றும் இணைத்துள்ளேன்.' எந்த மாதம், எந்த இயல், எது தடுத்தது என்பது இதில் தெரிகிறது. நோயின் விவரம் வேண்டாம், மன்றாடலும் வேண்டாம்.

தாமதத்துக்கு நெறியாளரே காரணமாக இருந்தால்? அதுவும் நடப்பதுதான், இயலை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் திறந்து பார்க்காதவர்கள் உண்டு. குறை சொல்லாமல் தேதியை மட்டும் எழுதிவிடுங்கள்: 'நான்காம் இயலை மார்ச் 3-இல் சமர்ப்பித்தேன், திருத்தங்கள் மே 20-இல் கிடைத்தன.' வாசிப்பவருக்குப் புரியும்.

அதிகம் சறுக்குவது புதிய அட்டவணையில். இழந்தது ஆறு மாதம், அதனால் கேட்பதும் ஆறு மாதம் என்று கணக்குப் போடுகிறார்கள். மீதமுள்ள வேலையை வைத்துத்தான் தேதி வர வேண்டும். நம் ஆய்வாளர் செப்டம்பர் 30-இல் ஐந்தாம் இயலைத் தருகிறார். அக்டோபர் நெறியாளர் படிக்க. நவம்பரில் பருவத் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் இருப்பதால் அதைக் காலியாகவே விடுகிறார். டிசம்பர் 31-இல் ஐந்தாம் இயலின் திருத்தமும் ஆறாம் இயலின் முதல் வரைவும். பிப்ரவரி கடைசியில் முழு வரைவு. மார்ச் மறுபடி நெறியாளருக்கு. ஏப்ரலில் திருத்தம், மே நடுவில் கமிட்டி முன் சினாப்சிஸ். ஜூன் மாதம் திருட்டுச் சோதனைக்கும் பைண்டிங்குக்கும். ஜூன் 30-இல் சமர்ப்பிப்பு. கேட்பதோ ஜூலை 10 வரை.

இதில் நெறியாளர் படிக்கவே இரண்டு மாதம் போகிறது. அதைச் சேர்க்காத அட்டவணை முதல் இயலிலேயே சரியும். திருட்டுச் சோதனையில் ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பகுதிகளைத் திருத்தி மறுபடி போட வேண்டியிருக்கும். கடைசி இரண்டு நாளில் அது நடக்காது. இரண்டு மாதம் போதும் என்று அடக்கமாகக் கேட்டுவிட்டு மறுபடி போய் நிற்பதைவிட, கணக்குக் காட்டி ஆறு மாதம் கேட்பது மேல். இரண்டாவது கடிதத்தை யாரும் முதல் கடிதம் போலப் படிப்பதில்லை.

ஐந்தாம் இயலில் முடிந்த பக்கங்களைக் கடிதத்தோடேயே வைத்துக் கொடுங்கள். வேலை நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. தேதியிட்ட நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். நெறியாளர் 'சரிம்மா, பார்த்துக்கலாம்' என்று சொன்னதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் ஆணை எழுத்தில் வரும்வரை பழைய தேதிதான் செல்லும்.