அம்மா கணக்கில் மூன்று, ஆசிரியர் கணக்கில் ஏழு

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நடுவே எல்லை விழுந்தாலும் களியிக்காவிளையைத் தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. ஆகவே பாறசாலைப் பக்கத்து வீடுகள் சிலவற்றில் அம்மா மார்த்தாண்டத்தில் தமிழில் படித்தவர், பிள்ளை படிப்பது மலையாளப் பள்ளியில். அந்தப் பிள்ளைக்குக் கவனக்குறைவுக் கோளாறு, அதாவது ஏடிஹெச்டி, இருக்குமோ என்று ஆசிரியர் சந்தேகப்பட்டால், அறிக்கை எழுதும் உளவியலாளருக்கு வேலை இரட்டிப்பாகிறது.

விளக்குவதற்காக ஒரு கற்பனைப் பையனை எடுத்துக்கொள்வோம். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பலரும் பயன்படுத்தும் வான்டர்பில்ட் படிவத்தை அம்மாவும் ஆசிரியரும் தனித்தனியே நிரப்புகிறார்கள். கவனம் பற்றி ஒன்பது கேள்விகள், துறுதுறுப்பும் அவசரமும் பற்றி ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 'அடிக்கடி', 'மிக அடிக்கடி' என்ற 2, 3 மட்டுமே அறிகுறியாக எண்ணப்படும். கவனப் பகுதியில் ஆறு சேர்ந்து, படிப்பிலோ பழகுவதிலோ பாதிப்பும் தெரிந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும். நம் பையனுக்கு ஆசிரியர் ஏழு தருகிறார், அம்மா மூன்று. துறுதுறுப்பில் இருவருமே இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இங்கேதான் பல அறிக்கைகள் சறுக்குகின்றன. சில இரண்டையும் கூட்டிச் சராசரி ஐந்து என்கின்றன. அந்த ஐந்தை வீட்டிலும் யாரும் பார்க்கவில்லை, பள்ளியிலும் பார்க்கவில்லை. வேறு சில 'தாய் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்' என்று எழுதி ஆசிரியர் பக்கம் சாய்ந்துவிடுகின்றன. முரண்பாடு அப்படியொன்றும் அதிசயமல்ல. 1987-இல் தாமஸ் ஆக்கன்பாக்கும் உடன் ஆய்வாளர்களும் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெற்றோர், ஆசிரியர் போல வெவ்வேறு இடங்களில் குழந்தையைப் பார்ப்பவர்களின் மதிப்பீடுகளுக்கு இடையே ஒட்டுறவு சராசரியாக 0.28தான் இருந்தது. ஒரே பிள்ளை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருப்பது சகஜம். ஏன் என்பதைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் அறிக்கையின் வேலை.

அதற்கு மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒவ்வொரு கேள்வியாகப் பார்க்க வேண்டும். ஆசிரியர் குறித்த ஏழில் நான்கு: நேரில் பேசினாலும் கேட்பதில்லை, சொன்னதை முடிப்பதில்லை, கவனப்பிழை செய்கிறான், மூளைக்கு வேலை தரும் பாடத்தைத் தவிர்க்கிறான். மலையாளத்தில் சொல்வது பாதிதான் புரிந்தாலும் ஒரு பிள்ளை இதே நான்கையும் செய்யும். பொருள்களைத் தொலைப்பது, மறப்பது, சின்னச் சத்தத்துக்கும் திரும்புவது ஆகிய மற்ற மூன்றை மொழியைக் காட்டி அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது.

அம்மாவின் மூன்றையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வீட்டுப்பாடம் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் செய்ய வைக்கும் அம்மாவுக்குக் குறை தெரியாது. 'நீங்க எழுந்து அடுக்களைக்குப் போனா என்ன செய்வான்?' என்று ஒரு கேள்வி கேட்டால் மதிப்பெண் மாறக்கூடும். அவருக்குப் படிவத்தை வாய்மொழியாகத் தமிழில் சொல்லி நிரப்பியிருந்தால் அதையும் அறிக்கையில் குறிக்க வேண்டும், ஏனெனில் அது தரப்படுத்திய முறை அல்ல. ஆசிரியர் எப்போது நிரப்பினார் என்பதும் முக்கியம். பள்ளி திறந்த ஜூனில் நிரப்பியதை நான் பெரிதாக நம்பமாட்டேன். ஓணப் பரீட்சைக்குப் பிறகு என்றால் பிள்ளையை அவர் ஓரளவு அறிந்திருப்பார்.

அடுத்து நேரில் சோதிக்க வேண்டும். நம் பையனுக்கு முதலில் கண்ணும் காதும் பார்க்கப்படுகின்றன, குறையில்லை. தமிழில் சொன்ன கதையை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்கிறான். மலையாளத்தில் கூட்டெழுத்து வந்தால் நின்றுவிடுகிறான். வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்தால், கணக்கு நேரத்தில் கரும்பலகையை விட்டுக் கண் எடுப்பதில்லை. வாசிப்பு தொடங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறான். அம்மா எழுந்து போனாலும் கணக்கை முடித்துவிடுகிறான், மலையாளப் பாடம்தான் அப்படியே கிடக்கிறது.

2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 கையேட்டின்படி அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், சில 12 வயதுக்கு முன்பே தெரிய வேண்டும், இரண்டு இடங்களிலாவது பல அறிகுறிகள் இருக்க வேண்டும், வேறு காரணத்தால் அவற்றை விளக்க முடியக் கூடாது. எனவே முடிவுரை இப்படி அமையலாம்: 'ஆசிரியர் கவனித்த சிரமங்கள் உண்மையானவை. அவை பெரும்பாலும் மலையாள வாசிப்பு தேவைப்படும் நேரத்தில் வருகின்றன. ஏடிஹெச்டி என்று முடிவு செய்ய இப்போதைய சான்று போதாது. ஆறு மாத வாசிப்புப் பயிற்சிக்குப் பின் இருவரும் மீண்டும் மதிப்பிட வேண்டும்.' பயிற்சிக்குப் பிறகும் தொலைப்பதும் மறப்பதும் குறையாமல் வீட்டிலும் தென்பட்டால் முடிவைத் திருத்த வேண்டியிருக்கும்.

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் கேட்டுப் பள்ளி அவசரப்படுத்தலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஹெச்டி தனியாக இல்லை. ஆனால் வீட்டில் பேசாத மொழியில் மட்டும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு அந்தப் பெயரையும் இப்போதே சூட்ட முடியாது.

முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதோடு அம்மாவுக்குத் தமிழில் ஒரு பக்கம், ஆசிரியருக்கு மலையாளத்தில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். ஆசிரியருக்கான பக்கத்தில் வகுப்பில் செய்ய வேண்டியவை போதும். வீட்டுச் சங்கதிகள் அதில் வேண்டாம்.