எழுவாய் இல்லாத அறிக்கை

மாணவர்களே, விபத்து நிகழ்ந்தவுடன் பணிமனைகளில் அறிக்கை எழுதுவது வழக்கம். அதன் பயன், அதே இடத்தில் மற்றொருவர் வீழாதிருத்தல். எல்லா அறிக்கைகளும் அப்பயனைத் தருவதில்லை. ஓர் அச்சகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே இத்தகைய அறிக்கையொன்று கோப்பில் சேர்கிறது:

“நேற்றுக் காலை, தாள் கட்டுச் சுமந்து சென்ற தொழிலாளி ஒருவர் கவனக்குறைவினால் வழுக்கி விழுந்தார். கையில் அடிபட்டது. தரை துடைக்கப்பட்டது. இனி இவ்வாறு நேராமல் நடவடிக்கை எடுக்கப்படும்.”

படிப்பதற்கு நன்றாயிருக்கிறது, ஆனால் இதைக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. இதனை ஐந்து தலைப்புகளாகப் பிரித்து எழுதிப் பார்ப்போம்.

முதலாவது, நிகழ்ந்தது. கண்டதையும் கேட்டதையும் மட்டும் இங்கே எழுதுதல் வேண்டும். “இரண்டாம் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில், தரையில் ஓரடி அகலம் எண்ணெய் தேங்கியிருந்தது. தாள் கட்டுடன் வந்த தொழிலாளி அதில் கால் வைத்து, வலக்கையை ஊன்றி விழுந்தார்.” ‘கவனக்குறைவு’ என்ற சொல் இங்கே மறைந்துவிட்டதைக் காண்கிறீர்கள். அது யாரும் கண்ணால் கண்ட செய்தி அன்று, எழுதியவரின் தீர்ப்பு.

இரண்டாவது, காலம். ‘நேற்று’ என்பது எழுதிய மறுநாளே பொருள் மாறிவிடும் சொல். “2025 மார்ச் 10, திங்கட்கிழமை, காலை 10-20 மணி” என்று எழுதுக. விபத்துக்கு முன் நடந்தவற்றையும் இங்கே வரிசைப்படுத்தலாம். எண்ணெய் சொட்டுவதை வெள்ளிக்கிழமையே ஒருவர் மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகக் கூறினார். மேற்பார்வையாளர் சனிக்கிழமை விடுப்பிலிருந்தார். ஞாயிறு விடுமுறை. திங்களன்று விபத்து. காலத்தை ஒழுங்காக எழுதியவுடனே காரணம் தானே முகம் காட்டுகிறதன்றோ?

மூன்றாவது, காரணம். ‘ஏன்’ என்று ஒரு முறை கேட்டு நின்றுவிடலாகாது. ஏன் விழுந்தார்? தரையில் எண்ணெய். ஏன் எண்ணெய்? குழாய் இணைப்பில் வாஷர் தேய்ந்திருந்தது. ஏன் மாற்றவில்லை? பழுது பற்றிய செய்தி, விடுப்பில் சென்றவரோடு போய்விட்டது. ஏன் போயிற்று? பழுதுகளை எழுதிவைக்கப் பதிவேடு இல்லை. அவருக்கு மாற்றாளும் இல்லை. இங்கே நிற்கலாம், ஏனெனில் இது நம்மால் திருத்தக்கூடியது. காரணம் சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு. விழுந்தவருக்குப் பதிலாக வேறொருவர் அவ்வழியே வந்திருந்தால் தப்பியிருப்பாரா? பெரிய கட்டைச் சுமப்பவருக்குக் காலடி தெரியாது, அவரும் வழுக்கியிருப்பார். ஆகவே குறை ஆளிடத்தில் இல்லை.

நான்காவது, காயம். ‘கையில் அடி’ என்பது போதாது. எந்தக் கை, எந்த இடம், என்ன சிகிச்சை, எத்தனை நாள் பணிக்கு வர இயலாது என எழுதுக. “வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது” என்பது நாம் கண்டது. “எலும்பு முறிவு” என்பது மருத்துவர் கூறியது. இரண்டையும் கலக்கலாகாது. நாள் கணக்கும் வீண் விவரம் அன்று. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், காயமுற்றவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய இயலாதபடி நேர்ந்த விபத்தை அதிகாரிகளுக்கு அறிவிக்குமாறு விதித்தது.

ஐந்தாவது, திருத்த நடவடிக்கை. இங்கேதான் பெரும்பாலான அறிக்கைகள் வழுக்கி விழுகின்றன. ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற தொடரில் வினைமுதல் எங்கே? எடுப்பவர் யார்? நம் மொழியில் எழுவாயை மறைத்துப் பேசுவது எளிது. செயப்பாட்டு வினையில் செய்பவரை மறைப்பது இன்னும் எளிது. வகுப்பில் இவற்றை விட்டுவிடலாம், பணிமனையில் விடலாகாது. தரையைத் துடைத்தது அன்றைய தேவை, திருத்தம் அன்று. திருத்தங்களை இவ்வாறு எழுதுக:

“இயந்திரப் பழுதுபார்ப்பவர், மார்ச் 12க்குள் வாஷரை மாற்றுவார். மேற்பார்வையாளர், மார்ச் 15க்குள் பழுதுப் பதிவேடு தொடங்குவார். மேலாளர், அதே நாளுக்குள் மேற்பார்வையாளருக்கு மாற்றாள் ஒருவரை நியமிப்பார். ஏப்ரல் 15 அன்று பதிவேட்டையும் தரையையும் நேரில் பார்த்துக் கையொப்பமிடுவார்.”

உண்மை அறிக்கையில் பதவியோடு பெயரையும் எழுதுதல் வேண்டும். ஒரு செயலுக்கு ஒருவரே பொறுப்பு. ‘பராமரிப்புப் பிரிவு’ என்றெழுதினால் ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்றிருப்பர். அப்பொறுப்பை ஏற்பவருக்கு அதனைச் செய்யும் அதிகாரமும் இருத்தல் வேண்டும். வாஷர் வாங்கப் பணம் தர இயலாதவர் பெயரை எழுதுவது, எழுவாயை மறைப்பதற்கு ஒப்பாகும்.

உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குடுவை ஒன்று வெடித்து, அறிக்கை எழுத நேர்ந்தால், கடைசிப் பகுதியை முதலில் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யார்?’, ‘எந்த நாளுக்குள்?’ என்று கேளுங்கள். விடை கிடைக்காத வாக்கியம் எதுவோ, அதற்குரிய பழுது இன்னும் அப்படியே இருக்கிறது.