முதல் ஆம்புலன்ஸ் நிலையம் எங்கே?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றாலே கோட்டக்குப்பம் வந்துவிடுகிறது. அது தமிழ்நாடு, இது புதுச்சேரி. கிழக்கே சோலை நகரும் கடலும். தெற்கே வைத்திக்குப்பம், குருசுக்குப்பம். மேற்கே கருவடிக்குப்பம், லாஸ்பேட்டை. இப்பகுதியில் எந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் குறித்த நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்து நிற்க வேண்டுமானால், குறைந்தது எத்தனை நிலையங்கள் தேவை, அவை எங்கெங்கே அமைய வேண்டும்? இந்தக் கேள்விக்குக் கணிதத்தில் தெளிவான வடிவம் இருக்கிறது. டொரேகஸ், ஸ்வெயின், ரெவெல், பெர்க்மன் ஆகிய நால்வரும் 1971-இல் ‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ ஆய்விதழில் அதனை முன்வைத்தனர். ‘செட் கவரிங்’ என்பது அதன் பெயர். கணங்களைக் கொண்டு போர்த்துதல் என்று சொல்லலாம்.

முறை எளியது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு வண்டியை நிறுத்தினால், அது குறித்த நேரத்துக்குள் எந்தெந்தப் பகுதிகளை எட்டும் என்று பட்டியலிட வேண்டும். எட்டினால் 1, எட்டாவிட்டால் 0. பிறகு, ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது ஓர் 1 கிடைக்கும்படி, மிகக் குறைந்த எண்ணிக்கையில் இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரத்தைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழைப்பு வந்த கணத்திலிருந்து பத்து நிமிடம் என்று இலக்கு வைத்தால், முகவரியைக் கேட்டறிந்து வண்டி புறப்படவே இரண்டு நிமிடம் போய்விடும் என்று கொள்ளலாம். சாலையில் ஓட மிஞ்சுவது எட்டு நிமிடம்தான். அந்த எட்டு நிமிடத்தையும் நிலையத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் திசையில் அளக்க வேண்டும். ஒருவழிப் பாதைகள் மிகுந்த நம் நகரில் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றல்ல.

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாலை நெரிசலை மனத்தில் கொண்டு நானாக வைத்துக்கொண்ட நிமிடங்கள் இவை, அளந்தவை அல்ல. பகுதிகள் ஆறு: சோலை நகர், முத்தியால்பேட்டை, குருசுக்குப்பம், கருவடிக்குப்பம், லாஸ்பேட்டை, சாரம். நிலையம் அமைக்கத் தோதான இடங்கள் மூன்று என்று வைத்துக்கொள்வோம். மணிக்கூண்டருகே நிற்கும் வண்டி எட்டு நிமிடத்துக்குள் சோலை நகர், முத்தியால்பேட்டை, குருசுக்குப்பம் ஆகிய மூன்றையும் எட்டுகிறது. லாஸ்பேட்டையில் நிற்கும் வண்டி கருவடிக்குப்பம், லாஸ்பேட்டை, சாரம் ஆகிய மூன்றை எட்டுகிறது. நடுவில் அஜந்தா சிக்னல் அருகே நிற்கும் வண்டியோ முத்தியால்பேட்டை, குருசுக்குப்பம், சாரம், லாஸ்பேட்டை என நான்கை எட்டுகிறது. வடக்கு ஓரத்தில் உள்ள சோலை நகருக்கும் கருவடிக்குப்பத்துக்கும் அங்கிருந்து பத்து நிமிடம் ஆகிறது.

இந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ஒரு நிலையத்துக்குத்தான் பணம் என்றால் எந்த அதிகாரியும் அஜந்தா சிக்னலைத்தான் தேர்ந்தெடுப்பார். நானும் அதையே செய்வேன். ஒரே ஒரு நிலையம் என்ற வரம்புக்குள் அது சரியான விடையும்கூட. பணம் வரம்புக்குட்பட்டது என்றால் அதைக் கொண்டு எத்தனை பேரை அதிகபட்சம் எட்டலாம் என்று கேட்பதே முறை என 1974-இல் சர்ச்சும் ரெவெலும் இன்னொரு வடிவத்தை அமைத்தார்கள். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் மக்கள்தொகை எடையாகச் சேரும்.

சிக்கல் அடுத்த ஆண்டு தொடங்குகிறது. எஞ்சியிருப்பவை சோலை நகரும் கருவடிக்குப்பமும். சோலை நகரை எட்டுவது மணிக்கூண்டு மட்டுமே. கருவடிக்குப்பத்தை எட்டுவது லாஸ்பேட்டை மட்டுமே. ஆகவே இன்னும் இரண்டு நிலையங்கள் வேண்டும், மொத்தம் மூன்று. ஆனால் அந்த இரண்டு மட்டுமே ஆறு பகுதிகளையும் போர்த்திவிடுகின்றன! ஆண்டுக்கு ஒன்றாக, ஒவ்வொரு முறையும் அப்போதைக்குச் சிறந்ததைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் மூன்று. முழுவதையும் முன்கூட்டியே திட்டமிட்டுவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகக் கட்டினால் இரண்டு. பின்னதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. முதல் ஆண்டில் நான்கு பகுதிகளுக்குப் பதிலாக மூன்றுக்கே சேவை கிடைக்கும். அந்த ஓராண்டு இழப்பைச் சட்டமன்றத்தில் நியாயப்படுத்துவது எளிதல்ல. அதனால்தான், இடத்தை முடிவு செய்யும்போதே இறுதி வரைபடத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்கிறேன்.

கையால் கணக்குப் போடுபவருக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. அதிகப் பகுதிகளை எட்டும் இடத்திலிருந்து தொடங்காமல், குறைந்த வாய்ப்புள்ள பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். சோலை நகருக்கு ஒரே ஓர் 1 இருக்கிறது என்று தெரிந்ததுமே மணிக்கூண்டு முடிவாகிவிட்டது. கருவடிக்குப்பம் அவ்வாறே லாஸ்பேட்டையை முடிவு செய்துவிட்டது. நூற்றுக்கணக்கான பகுதிகள் இருக்கும்போது கணினி வேண்டும். அங்கும் மென்பொருள்கள் முதலில் இத்தகைய கட்டாயத் தேர்வுகளைத்தான் பிரித்தெடுக்கின்றன.

இந்தக் கணக்கில் கோட்டக்குப்பம் இல்லை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். மணிக்கூண்டு வண்டி எட்டு நிமிடத்தில் கோட்டக்குப்பத்தையும் எட்டும் என்று கொண்டால், ஏழு பகுதிகளுக்கும் இரண்டே நிலையங்கள் போதும். இரு நிர்வாகங்களும் தத்தம் எல்லைக்குள் தனித்தனியே கணக்கிட்டால், இங்கே இரண்டு, அங்கே ஒன்று என மூன்றாகிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற எல்லைக்கோடு வளைந்து நெளிந்து கிடக்கும் இந்த நிலத்தில், இத்தகைய இழப்பு ஓரிடத்தோடு நின்றுவிடாது.

ஆனால் கோட்டக்குப்பத்தையும் சேர்த்துக்கொண்டால் மணிக்கூண்டு வண்டிக்கு வேலை கூடும். இந்த மாதிரியின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. வண்டி எப்போதும் நிலையத்திலேயே நிற்கும் என்று அது கருதிக்கொள்கிறது. உண்மையில் நோயாளியை ஏற்றிக்கொண்டு கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்குப் போய், ஒப்படைத்துத் திரும்பும் வரை அந்த 1 என்பது 0-தான். வண்டி பத்தில் மூன்று பங்கு நேரம் வெளியே இருக்கிறது என்று கொள்வோம். ஒரு நிலையம் மட்டும் எட்டும் பகுதிக்கு, அழைத்தபோது வண்டி கிடைக்கும் வாய்ப்பு 70 விழுக்காடு. இரண்டு நிலையங்கள் எட்டும் பகுதிக்கு 91 விழுக்காடு. இரண்டும் ஒரே சமயத்தில் வெளியே இருக்கும் வாய்ப்பு 9 விழுக்காடுதான். 1983-இல் டாஸ்கின் இந்த வாய்ப்பை மாதிரிக்குள் கொண்டுவந்தார். இப்போது அஜந்தா சிக்னலுக்கு மறுபடியும் மதிப்பு வந்துவிடுகிறது. மூன்றாவது வண்டியை அங்கே நிறுத்தினால் நான்கு பகுதிகள் 70-இலிருந்து 91-க்கு உயரும். முதலாவதாகத் தவறாகப் போன இடம், மூன்றாவதாக நல்ல இடம். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று சாராமல் வேலையில் இருந்தால்தான் 91. விபத்துகள் குவியும் மாலையில் இரண்டும் சேர்ந்தே வெளியே இருக்கும்.

சாலையும் நிலையானதன்று. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்குக் கூட்டம் திரளும்போது மணிக்கூண்டிலிருந்து குருசுக்குப்பம் எட்டு நிமிடமாக இருக்காது. அன்றைக்கு மட்டும் ஒரு வண்டியைத் தெற்கே நகர்த்தி நிறுத்த வேண்டும். அதற்குக் கட்டடம் தேவையில்லை, தனிப்பட்டியல் போதும்.

நிலையங்கள் அமைந்த பிறகு அவை சரியாக அமைந்தனவா என்று பார்க்கச் சராசரி நேரத்தைப் பார்ப்பது பயன்தராது. நான்கு பகுதிகளில் ஐந்து நிமிடமும் இரண்டில் பதினோரு நிமிடமும் ஆனால் சராசரி ஏழு நிமிடம். இலக்கு நிறைவேறிவிட்டது போலத் தோன்றும். சோலை நகருக்குத் தனியாக, கருவடிக்குப்பத்துக்குத் தனியாக, மாலை ஆறு மணிக்கும் இரவு இரண்டு மணிக்கும் தனித்தனியாக, பத்து நிமிடத்தைத் தாண்டிய அழைப்புகள் எத்தனை என்று அழைப்புப் பதிவேட்டிலிருந்து எண்ணி வெளியிட்டால் போதும்.